செங்குத்துப் பாறையில் ஒரு பள்ளம்: உயரக் கோப்பும் நோடேட்டாவும் செல் அளவும்

கொடைக்கானல் மலையின் தெற்குச் சரிவில் ஓர் ஓடை. அது இறங்கி அடிவாரத்துக் குளம் ஒன்றில் சேர்கிறது. அந்தக் குளத்துக்குத் தண்ணீர் எவ்வளவு பரப்பிலிருந்து வருகிறது என்று வரைபடம் போட்டுத் தரமுடியுமா என்று நண்பர் கேட்டார். விவசாயிகள் சேர்ந்து குளத்தைத் தூர்வாரத் திட்டமிட்டிருந்தார்கள். நீர்ப்பிடிப்புப் பரப்பு தெரிந்தால் கணக்குப் போட வசதியாக இருக்கும் என்றார். ஒரு நாள் வேலை என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். இரண்டு வாரம் ஆனது. தாமதத்துக்கு ஓடையும் காரணமில்லை, மலையும் காரணமில்லை. உயரக் கோப்பில் இருந்த ஓர் எண்ணை நான் கையாண்ட விதம்தான் காரணம்.

கோப்பு எஸ்ஆர்டிஎம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் ரேடாரால் அளந்து எடுத்த உயரங்கள். ஒரு பாகை நீளம், ஒரு பாகை அகலம் கொண்ட டைல்களாகக் கிடைக்கும். கொடைக்கானல் இருப்பது `N10E077` டைலில். அதே டைலின் மேற்கு ஓரத்தில் 2,695 மீட்டர் உயர ஆனைமுடியும் இருக்கிறது. ஒரு வினாடிக் கோணத்துக்கு ஒரு செல் என்பதால் ஒரு டைலில் 3,601 வரிசை, 3,601 நிரல். நண்பர் தன் கணினியில் பல வருடமாக இருந்த டிஃப் கோப்பை அனுப்பியிருந்தார். சில இடைவெளிகள் நிரப்பப்படாமலே இருந்த பதிப்பு அது. யாரோ ஏற்கெனவே ஒருமுறை வேறு வடிவத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

ரேடார் பக்கவாட்டில் பார்த்து அளக்கும் கருவி. செங்குத்தான பாறைக்குப் பின்னால் நிழல் விழும் இடத்திலிருந்து எதிரொலி திரும்பி வராது. அங்கே உயரம் கிடைக்காது. அப்படிப்பட்ட செல்களில் எஸ்ஆர்டிஎம் கோப்பு -32768 என்று எழுதி வைக்கும். அது உயரமல்ல, "இங்கே தகவல் இல்லை" என்பதற்கான அடையாளம். ஆனால் கோப்புக்குள் அதுவும் மற்ற எண்களைப் போல ஓர் எண்தான். "-32768 என்று எங்கே இருந்தாலும் அதை எண்ணாகப் படிக்காதே" என்று கோப்பின் தலைப்பகுதியில் தனியாக ஒரு குறிப்பு இருக்கவேண்டும். அந்தக் குறிப்புதான் நோடேட்டா முத்திரை. செல்லில் இருக்கும் எண் வேறு, முத்திரை வேறு. இந்த விஷயத்தில் நான் பார்த்த தவறுகள் ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டையும் ஒன்று என்று எண்ணுவதில் தொடங்குகின்றன. நண்பர் அனுப்பிய கோப்பில் செல்களில் -32768 இருந்தது, முத்திரை மட்டும் வழியில் எங்கேயோ தொலைந்திருந்தது.

கியூஜிஐஎஸ்ஸில் திறந்ததும் மலை, சமவெளி என்ற வேறுபாடே இல்லாமல் எல்லாம் ஒரே வெளிர் சாம்பல் நிறம். பக்கப்பட்டியில் குறைந்தபட்ச அளவு -32768 என்று இருந்தது. நிறங்கள் -32768 முதல் 2,600 சொச்சம் வரை பரவியதால் உண்மையான உயரங்கள் எல்லாம் மேல் நுனியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இது தெளிவான அறிகுறி, உடனே புரிந்தது. லேயரின் `Properties` போய், `Transparency` பக்கத்தில் `Additional no data value` பெட்டியில் -32768 என்று தட்டினேன். மலை அழகாகத் தெரிந்தது. பாறை விளிம்புகளில் சின்னச் சின்ன ஓட்டைகளும் தெரிந்தன. சரி, முடிந்தது என்று அடுத்த வேலைக்குப் போனேன்.

முதல் தவறு அங்கே நடந்தது. அந்தப் பெட்டியில் தட்டியது நான் திறந்து வைத்திருந்த லேயருக்கு மட்டும் சொன்ன செய்தி. வட்டில் இருக்கும் கோப்பில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. `Warp`, `Translate`, `Merge`, `Clip` போன்ற ஜிடால் கருவிகள் கோப்பை நேராகத் திறந்து படிப்பவை. லேயரில் நான் என்ன தட்டினேன் என்பது அவற்றுக்குத் தெரியாது. அதே பக்கத்தில் இன்னொரு வரியில் `No data value` என்று எண் தென்பட்டால், அதுதான் கோப்பிலேயே இருக்கும் முத்திரை. அந்த வரியில் எண் இல்லாமல், நான் தட்டிய பெட்டியில் மட்டும் எண் இருந்தால், திரையில் சரியாகத் தெரியும் படம் கணக்கில் சரியாக வராது.

அடுத்து கோப்பைப் பாகையிலிருந்து மீட்டருக்கு மாற்றவேண்டும். பாகையிலேயே வைத்துக்கொண்டு சரிவு கணக்கிட்டால் என்ன ஆகும் என்பதைப் புதிதாக வருபவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். செல் அகலம் 0.000277 பாகை, உயரம் மீட்டரில். கியூஜிஐஎஸ்ஸின் சொந்த `Slope` கருவி இரண்டும் ஒரே அலகு என்று எடுத்துக்கொள்ளும். பக்கத்து செல்லோடு ஒரு மீட்டர் வித்தியாசம் இருந்தாலே சரிவு 89.98 டிகிரி என்று வரும். வயல்வெளிகூட சுவராகிவிடும். அந்தத் தவறு கண்ணில் அறைவதுபோல் தெரியும், யாரும் நெடுநாள் ஏமாறமாட்டார்கள். என்னை ஏமாற்றியது வேறு.

கொடைக்கானல் 77.5 பாகை கிழக்கில் இருப்பதால் யூடிஎம் 43 வடக்கு மண்டலம், அதாவது `EPSG:32643`. `Warp` கருவியில் அதைத் தேர்ந்தெடுத்தேன். `Resampling method` முதலில் `Nearest Neighbour` என்று நிற்கும். உயரக் கோப்புக்கு அது பொருந்தாது. புதிய கட்டம் பழைய கட்டத்தோடு பொருந்தாத இடங்களில் ஒரு வரிசை இரண்டு முறை வரும், அல்லது ஒரு வரிசை விடுபடும். ஹில்ஷேட் போட்டால் துணி நெய்ததுபோல் கோடுகள் தெரியும். இது எனக்குத் தெரிந்திருந்ததால் `Bilinear` வைத்தேன். நல்ல முடிவுதான். ஆனால் முத்திரை இல்லாத கோப்பின் மேல் அந்த நல்ல முடிவே வினையானது.

பைலீனியர் என்பது சுற்றியுள்ள நான்கு செல்களின் உயரத்தையும் தூரத்துக்கு ஏற்பக் கலந்து புதிய செல்லுக்கு எண் கொடுக்கும் முறை. முத்திரை இருந்தால், அந்த நான்கில் தகவல் இல்லாத செல்லை விட்டுவிட்டு மீதியை மட்டும் கலக்கும். முத்திரை இல்லையென்றால் -32768-ஐயும் ஓர் உயரமாக எடுத்துக் கலந்துவிடும். அந்தப் பாறை விளிம்பு 1,900 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டையும் பாறையும் பாதிப்பாதி கலந்தால் -15,434 வரும். இப்படிப்பட்ட எண்ணை யாரும் கண்டுபிடித்துவிடலாம். ஓட்டையின் பங்கு 5 சதவீதம் மட்டும் என்றால்? 166.6 மீட்டர். 2 சதவீதம் என்றால் 1,206.6 மீட்டர். இந்த இரண்டும் இந்த டைலில் நிஜமாகவே இருக்கக்கூடிய உயரங்கள். 1,900 மீட்டர் பாறையில் ஓட்டையின் பங்கு சுமார் ஐந்தரை சதவீதத்துக்குக் கீழே போனால், கிடைக்கும் எண் பூஜ்யத்துக்கு மேலே வந்துவிடும். எந்த வடிகட்டியிலும் சிக்காது.

நான் போட்டதும் அப்படி ஒரு வடிகட்டிதான். வார்ப் முடிந்ததும் எதிர்மறை எண்கள் தெரிந்தன. கலந்துபோனவை என்று புரிந்தது. எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்து ராஸ்டர் கால்குலேட்டரில் இதைப் போட்டேன்:

```
"dem_utm@1" / ("dem_utm@1" > 0)
```

பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் அடைப்புக்குள் 1, இல்லையென்றால் 0. பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்பதால் அந்த செல் நோடேட்டாவாகிவிடும். பலரும் பயன்படுத்தும் நல்ல தந்திரம். எதிர்மறைகள் போய்விட்டன. ஓட்டையின் ஓரத்தில் 166, 1,206 போன்ற எண்கள் ஒட்டிக்கொண்டு அங்கங்கே நின்றன. எனக்கு அது தெரியாது. பிறகு ஜிடாலின் `Fill nodata` கொண்டு ஓட்டைகளை நிரப்பினேன். அது ஓரத்து செல்களைப் பார்த்து நடுவைக் கணிக்கும். ஓரத்திலேயே பொய் உயரம் இருந்ததால் நடுவும் பொய்யானது. பாறை உச்சியில் ஆயிரம் மீட்டர் ஆழப் பள்ளங்கள் உருவாகின. அதற்கப்புறம் நீரோட்டக் கணக்குக்கு முன்னால் வழக்கமாகச் செய்யும் பள்ளம் நிரப்பும் வேலை. அந்தக் கருவி பள்ளங்களைத் தண்ணீர் வழியும் விளிம்பு வரை நிரப்பித் தட்டையாக்கியது. தவறின் தடயம் அத்தோடு மறைந்தது. ஓடை வேறு பக்கம் திரும்பி, நீர்ப்பிடிப்பின் ஒரு மூலை பக்கத்து ஓடைக்குப் போய்விட்டது.

(இங்கே ஓர் எச்சரிக்கை. கருவிப்பெட்டியில் ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஜிடாலின் `Fill nodata` பக்கத்து உயரங்களைக் கொண்டு கணிக்கும். கியூஜிஐஎஸ்ஸின் சொந்த `Fill NoData cells` எல்லா ஓட்டையிலும் நீங்கள் தரும் ஒரே எண்ணைப் போடும். அவசரத்தில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டால், மலை நடுவே எல்லா ஓட்டையும் ஒரே உயரத்தில் நிற்கும்.)

கண்டுபிடித்தது சரிவு வரைபடத்தில். பள்ளங்களை நிரப்புவதற்கு முந்தைய கோப்பில் சரிவு போட்டுப் பார்த்தபோது பாறை விளிம்பில் 84, 86 டிகிரி என்று சின்னச் சின்ன வளையங்கள். கொடைக்கானலில் தூண்பாறை போன்ற செங்குத்துப் பாறைகள் உண்மையாகவே இருப்பதால் முதலில் நம்பிவிட்டேன். இரண்டு நாள் நம்பினேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. யோசித்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். 30 மீட்டர் செல்லில் 86 டிகிரி சரிவு வரவேண்டுமென்றால் அடுத்தடுத்த செல்களுக்கு இடையே பல நூறு மீட்டர் வித்தியாசம் வேண்டும். 120 மீட்டர் பாறையே ஒரு செல்லுக்குள் முழுசாக விழுந்தாலும், சுற்றியுள்ள எட்டு செல்களையும் பார்த்துக் கணக்கிடும் முறையில் 70-ஐத் தாண்டுவது கடினம். அதுமட்டுமல்ல, பாறை விளிம்பு கோடாக நீளும். வளையமாகச் சுற்றி வராது. `Identify` கருவியால் ஒவ்வொரு செல்லாகத் தட்டிப் பார்த்தேன். 1,893, 1,911, 171, 1,904. அந்த 171-ஐப் பார்த்த கணத்தில் நடந்தது முழுவதும் விளங்கியது.

இப்படிக் கலந்துபோன கோப்பைப் பின்னாலிருந்து சரிசெய்ய வழியில்லை. -32768 என்று முத்திரை இப்போது குத்தினாலும் 171 அதற்குள் வராது. மூலக் கோப்புக்குத்தான் திரும்பவேண்டும். கட்டத்தை மாற்றும் எந்த வேலைக்கும் முன்னால் முத்திரை சரியாக இருக்கவேண்டும் என்ற வரிசைதான் இதில் எல்லாமே. வார்ப், ரீசாம்பிள், வெட்டுதல் எல்லாம் பிறகு.

முத்திரை குத்த `Translate` கருவியில் `Assign a specified nodata value to output bands` என்ற பெட்டி இருக்கிறது. இதிலும் பலர் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். அது முத்திரையை மட்டும் மாற்றும், செல்களின் எண்ணைத் தொடாது. கோப்பில் -32768 இருக்கும்போது, "எனக்கு -9999 பிடிக்கும்" என்று அந்தப் பெட்டியில் -9999 கொடுத்தால் முத்திரை -9999 ஆகிவிடும். செல்களில் -32768 அப்படியே நிற்கும். நன்றாக இருந்த கோப்பு கெட்டுவிடும். எண்ணையும் முத்திரையையும் சேர்த்து மாற்ற வேண்டுமென்றால் வார்ப் தான் சரி. அதனிடம் மூலத்தில் எது நோடேட்டா, விளைவில் எது நோடேட்டா என்று இரண்டையும் சொல்லலாம். நான் கடைசியில் ஓட்டிய கட்டளை இது:

```
gdalwarp -t_srs EPSG:32643 -tr 30 30 -tap -r bilinear \
  -srcnodata -32768 -dstnodata -9999 N10E077.tif dem_utm.tif
```

இதையே கியூஜிஐஎஸ் சாளரத்திலும் செய்யலாம். `-srcnodata`, `-tap` இரண்டையும் கீழே இருக்கும் `Additional command-line parameters` பெட்டியில் தட்டினால் போதும்.

`-dstnodata` கொடுப்பதில் இன்னொரு பயனும் உண்டு. பாகைக் கட்டம் யூடிஎம்மில் லேசாகச் சாய்ந்து உட்காரும். நான்கு ஓரத்திலும் ஆப்பு வடிவில் வெற்றிடம் விழும். நோடேட்டா எதுவென்று கோப்புக்கே தெரியாவிட்டால் அந்த வெற்றிடம் 0 மீட்டர் என்று நிரம்பிவிடும். கோப்பர்னிக்கஸ் உயரக் கோப்பு போன்றவற்றை நீர்ப்பிடிப்பின் எல்லையால் வெட்டும்போதும் இதே கதை நடக்கும். வெட்டப்பட்ட வடிவத்துக்கு வெளியே, செவ்வகத்தின் மீதி முழுவதும் 0. நீர்ப்பிடிப்பு செவ்வகத்தில் 55 சதவீதம், அதன் சராசரி உயரம் 1,400 மீட்டர் என்றால், `Raster layer statistics` 770 என்று சொல்லும். இந்த டைலில் கடல் கிடையாது. அதனால் 0 என்ற எண் எங்கே வந்தாலும் அது பொய் என்று உடனே சொல்லிவிடலாம்.

ஆனால் "0 வந்தால் நோடேட்டா என்று குறித்துவிடு" என்பதை ஒரு பொதுவிதியாக எடுத்துக்கொண்டு நாகப்பட்டினம் பக்கம் போகாதீர்கள். அங்கே நிலமே கடல்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. 0 அங்கே உண்மையான உயரம், சில செல்களில் எதிர்மறையும் வரும். 0-வை நோடேட்டா ஆக்கினால், வெள்ளக் கணக்குக்கு மிகவும் தேவையான தாழ்ந்த நிலங்களே ஓட்டையாகிவிடும். குட்டநாட்டில் வயல்களே கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. நான் மேலே எழுதிய `> 0` தந்திரமும் அங்கே செல்லாது. அந்த நிலத்தில் வரவே முடியாத எண்ணாகத்தான் நோடேட்டாவைத் தேர்ந்தெடுக்கவேண்டும். -9999 எனக்குப் போதுமானதாக இருக்கிறது. ராஸ்டர் கால்குலேட்டர் தானாக வைக்கும் -3.4028e+38 போன்ற நீள எண்ணைக் கையால் இன்னொரு கருவியில் தட்டாதீர்கள். கடைசி இலக்கங்கள் சுருங்கிப்போய்ப் பொருந்தாமல் போகும்.

இப்போது `-tr 30 30` பற்றி. முதல் முயற்சியில் `Output file resolution` பெட்டியை வெறுமையாக விட்டிருந்தேன். அப்படி விட்டால் ஜிடால் தானே ஓர் அளவைக் கணக்கிட்டுக்கொள்ளும். கொடைக்கானல் அட்சரேகையில் ஒரு வினாடிக் கோணம் கிழக்கு மேற்காக 30.4 மீட்டர், வடக்கு தெற்காக 30.7 மீட்டர். இரண்டுக்கும் நடுவே 30.6 சொச்சம் என்று, நீளமான தசமங்களோடு ஒரு சதுர செல் கிடைத்தது. அதில் தவறில்லை. ஆனால் எல்லோரும் "30 மீட்டர் எஸ்ஆர்டிஎம்" என்று சொல்லிப் பழகியிருப்பதால், நீர்ப்பிடிப்பில் 14,200 செல் என்று வந்ததும் 900-ஆல் பெருக்கினேன். 12.78 சதுர கிலோமீட்டர். உண்மையில் ஒரு செல் 936 சதுர மீட்டர், பரப்பு சுமார் 13.3. நான்கு சதவீத வித்தியாசம். பெரிய தவறுபோலத் தெரியாது என்பதுதான் இதன் ஆபத்து. `Properties` சாளரத்தின் `Information` பக்கத்தில் `Pixel Size` என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பெருக்கினால் போதும்.

அளவை முழு எண்ணாக நாமே கொடுப்பதற்கு முக்கியமான காரணம் இன்னொன்று. எனக்கு உயரக் கோப்பும் நிலப்பயன்பாட்டுக் கோப்பும் சேர்ந்து வேண்டியிருந்தது. இரண்டும் 30 மீட்டர்தான். ஆனால் ஒன்றின் கட்டம் மற்றதிலிருந்து 11 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தது. கியூஜிஐஎஸ்ஸின் சொந்த ராஸ்டர் கால்குலேட்டர் இதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. விளைவுக்கு நாம் கொடுத்த கட்டத்துக்கு எல்லாவற்றையும் அருகிலிருக்கும் செல் முறையில் இழுத்து வைத்துக்கொண்டு பதில் கொடுத்துவிடும். ஜிடாலின் கால்குலேட்டர் வரிசை நிரல் எண்ணிக்கை பொருந்தாவிட்டால் நின்றுவிடும். நிற்கும் கருவிதான் எனக்குப் பிடிக்கும். `-tap` என்பது கட்டத்தின் ஓரங்களை 30-இன் மடங்குகளில் உட்கார வைக்கும். இரண்டு கோப்பையும் அதே `-tr`, `-tap` கொடுத்து வார்ப் செய்தால் செல்லுக்கு மேல் செல் பொருந்தும். நிலப்பயன்பாட்டுக்கு மட்டும் `-r near`. வகை எண்களைக் கலக்கக்கூடாது. காடு 2, வயல் 4 என்றால் நடுவில் 3 என்ற வகை முளைத்துவிடும்.

10 மீட்டர் செல் கேட்டால் கருவி மறுக்காமல் கொடுக்கும். கோப்பு ஒன்பது மடங்கு பெருக்கும், படம் வழுவழுப்பாகத் தெரியும். அளந்தது என்னவோ அதே ஒரு வினாடிக் கட்டத்தில்தான். வயல் வரப்பும் வாய்க்காலும் அதில் இல்லை.

மீண்டும் மூலக் கோப்பிலிருந்து தொடங்கி, முத்திரையை முதலில் சொல்லி, வார்ப் செய்து, அதன் பிறகு ஓட்டைகளை நிரப்பினேன். ஓரத்து உயரங்கள் சுத்தமாக இருந்ததால் நிரப்பியதும் 1,880, 1,900 என்று பாறையோடு ஒட்டியே வந்தது. சரிவு வரைபடத்தில் வளையங்கள் இல்லை. ஓடை நண்பர் நடந்து பார்த்த பாதையிலேயே இறங்கியது, பக்கத்து ஓடைக்குப் போயிருந்த மூலை திரும்பி வந்தது. நிரப்பிய செல்களின் மேல் மட்டும் வரைபடத்தில் சாய்கோடு போட்டுக் கொடுத்தேன். அங்கே இருப்பது ரேடார் அளந்த உயரமல்ல, அக்கம்பக்கத்தைப் பார்த்து நான் வைத்த உயரம், அந்த இடத்தின் சரிவை வைத்து எதையும் முடிவு செய்யவேண்டாம் என்று நண்பரிடம் சொன்னேன். அவர் அந்தச் சாய்கோட்டுக்குப் பக்கத்தில் பேனாவால் "நேரில் பார்க்க" என்று எழுதி வைத்துக்கொண்டார்.